சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்: திங்கட்கிழமை நீ வராவிட்டால் எது நிற்கும்?

ஏழாம் பருவத் தேர்வு முடிந்த மறுநாள் என் அண்ணன் மகள் திருநெல்வேலியிலிருந்து அழைத்து, "சித்தப்பா, சென்னைல இன்டர்ன்ஷிப் கிடைச்சிடுச்சு" என்றாள். குரலில் இருந்த மகிழ்ச்சியில் பாதி, "ஆனா ஸ்டைபெண்ட் கிடையாதாம்" என்ற அடுத்த வாக்கியத்திலேயே வடிந்துவிட்டது. அன்று மாலை அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனம் அது. ஜனவரி முதல் மார்ச் வரை பன்னிரண்டு வாரம், திங்கள் முதல் சனி வரை, காலை பத்து மணி முதல் மாலை ஆறரை மணி வரை வேலை. ஊதியம் எதுவும் வழங்கப்படாது; முடிவில் சான்றிதழ் தரப்படும்; செயல்பாட்டைப் பொறுத்து வேலைவாய்ப்பு பரிசீலிக்கப்படும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

இதில் எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. கல்லூரி முடிக்கும் தறுவாயில் நானும் சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்கிறேன். பொருள்களின் பெயரையும் விலையையும் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு மாற்றித் தட்டச்சு செய்ததைத் தவிர அங்கே நான் கற்றது எதுவுமில்லை. இன்று கோவையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களை நானே தேர்வு செய்து, நானே வேலை கொடுத்து, நானே மேற்பார்வையிடுகிறேன். அதனால், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் எல்லாமே சுரண்டல் என்று சொல்பவர்களோடும், கற்றுக்கொடுப்பதே பெரிது, காசு வேறு கேட்கிறாயா என்று கடிந்துகொள்பவர்களோடும் என்னால் முழுதாக உடன்பட முடிவதில்லை.

முதலில் அவளை ஒரு கணக்குப் போடச் சொன்னேன். பன்னிரண்டு வாரத்துக்கு, வாரம் ஆறு நாள் வீதம், பொங்கல் விடுமுறையைக் கழிக்காமல் 72 நாள். மகளிர் விடுதியில் காலை, இரவு உணவோடு மாதம் 6,500 ரூபாய் என்றால் மூன்று மாதத்துக்கு 19,500. மதியச் சாப்பாடு 60 ரூபாய் வீதம் 4,320. விடுதியிலிருந்து அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ போக 20, வர 20 என்று 2,880. ஊருக்குப் போய்வர ரயில் செலவு 1,200. மொத்தம் 27,900 ரூபாய், அதாவது மாதம் ஒன்றுக்கு 9,300 ரூபாய். சம்பளமில்லை என்ற சொல்லைக் கேட்கும்போது நம் மனம் பூஜ்யத்தை நினைக்கிறது. உண்மையில் என் அண்ணன், அந்த நிறுவனத்தில் தன் மகள் வேலை செய்வதற்காக மாதம் 9,300 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. சென்னையிலேயே வீடுள்ள மாணவருக்கு இந்தத் தொகை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வெளியூர்ப் பிள்ளைகள் பலர் நல்ல இடங்களுக்கு விண்ணப்பிக்கவே தயங்குவது இந்த வித்தியாசத்தால்தான்.

அடுத்தது நிறுவனத்தின் கணக்கு. இதை மாணவர்கள் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை. ஊக்கத்தொகை கேட்கப் போகும்போது அவர்கள் தடுமாறுவதற்கு அதுவே முதல் காரணம் என்பேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு புதிய இன்டர்ன் சேர்ந்தால் முதல் இரண்டு வாரமும் எனக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது அவருக்காகப் போகும். மென்பொருளை அவர் கணினியில் நிறுவ வேண்டும், எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும், அவர் எழுதியதை வரி வரியாகப் படித்துத் திருத்தச் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் அவர் எழுதும் நிரலில் பெரும்பகுதி எங்கும் பயன்படாது. பல சமயம் அவர் இரண்டு நாளில் செய்ததை நானே ஒரு மணி நேரத்தில் செய்திருப்பேன். மூன்றாம், நான்காம் வாரங்களில் நிலைமை மெல்ல மாறும்: சிறிய திருத்தங்கள் பயன்படத் தொடங்கும், எனக்குப் போகும் நேரம் அரை மணியாகக் குறையும். ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு, ஓரளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால், அவர் கொடுப்பது வாங்குவதைவிடக் கூடிவிடும். இது மென்பொருள் துறையில் நான் கண்ட அளவு. வேறு துறைகளில் அந்தத் திருப்பம் முன்பின்னாக வரலாம். ஆனால் எந்தத் துறையிலும் அப்படி ஒரு திருப்பம் உண்டு. என் பார்வையில், அதற்கு முந்தைய வாரங்களில் பணம் தராதது நியாயம். அதற்குப் பிந்தைய வாரங்களில் தராதது நியாயமில்லை.

இதை நான் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்தேன் என்று சொன்னால் பொய்யாகும். நாங்களும் சில ஆண்டுகள் யாருக்கும் எதுவும் தரவில்லை. ஒருமுறை வாடிக்கையாளருக்கு அனுப்பவிருந்த விலைப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் மணிக்கணக்கு போட்டு நாங்கள் வசூலித்த வேலையில் கணிசமான பகுதி ஓர் இன்டர்ன் செய்தது என்று கவனித்தேன். அந்தப் பையனுக்கு நாங்கள் தந்தது தேநீரும் சான்றிதழும் மட்டுமே. அன்றிலிருந்து, வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் வேலையில் இன்டர்னின் கை படுமானால் அந்த மாதம் முதல் அவருக்கு ஊக்கத்தொகை என்று முதலாளியிடம் பேசி வழக்கமாக்கினோம்.

ஆகவே அண்ணன் மகளிடம் ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்: ஒரு திங்கட்கிழமை நீ அலுவலகத்துக்குப் போகவில்லை என்றால் அங்கே எது நிற்கும்? எதுவும் நிற்காது, உனக்குக் கற்றுக்கொடுப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும் என்றால் நீ இன்னும் மாணவி. யாராவது உன்னைத் தொலைபேசியில் தேடினால் நீ பணியாளர்.

நியாயத்தை இப்படி அளப்பது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் திரைப்படம் ஒன்றின் தயாரிப்பில் ஊதியமின்றிப் பணியாற்றிய எரிக் கிளாட், அலெக்ஸாண்டர் ஃபுட்மேன் என்ற இருவர் இதே கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆவணங்களை நகலெடுப்பதும், கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும், வெளி வேலைகளுக்கு ஓடுவதுமாக அவர்கள் நாள் கழிந்திருந்தது. 2013-இல் கீழ் நீதிமன்றம் அவர்களைப் பணியாளர்கள் என்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கிவைத்து, இந்த ஏற்பாட்டினால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என ஓர் அளவுகோலை வகுத்தது. பயிற்சி படிப்போடு இணைந்ததா, கற்றுக்கொள்ளத் தேவையான காலம்வரை மட்டுமே நீள்கிறதா, சம்பளம் வாங்கும் ஊழியரின் வேலையை மாணவர் பறிக்கிறாரா, அவ்வேலைக்குத் துணையாக இருக்கிறாரா என்பன அதன் கூறுகளில் சில. 2018-இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் இதே அளவுகோலை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது; ஆனால் அந்தக் கேள்விகளை ஒரு சென்னை அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

நம் நாட்டில் சட்டம் என்ன தருகிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலர் இல்லாத உரிமையை எடுத்துச் சொல்லிவிட்டு அவமானப்பட்டுத் திரும்புகிறார்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் பதிவு செய்து சேரும் பயிற்சியாளருக்கு மாத ஊக்கத்தொகை கட்டாயம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், பட்டம் முடித்தவருக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்தன. இத்தொகையை உயர்த்தும்படி மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் 2025-இல் பரிந்துரைத்திருப்பதால், கேட்கப் போகும் நாளில் நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போய்ச் செய்யும் சாதாரண இன்டர்ன்ஷிப் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே 9,000 என்பது அண்ணன் மகளின் உரிமை இல்லை. அரசே ஒரு பயிற்சியாளருக்கு இவ்வளவாவது வேண்டும் என்று கருதிய தொகை அது என்பதால், பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல எண். அவ்வளவுதான் அதன் பயன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சம்பளம் இல்லாதவருக்கும் சட்டப் பாதுகாப்பு உறுதியாக உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், பயிற்சியாளர் என்ற பெயரில் இருந்தாலும், அவரைப் பணியாளராகவே கொள்கிறது. "நீ ஸ்டாஃப் இல்லையே" என்று எந்த நிறுவனமும் இதில் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இதை அவளிடம் தனியாகச் சொல்லிவைத்தேன்.

சம்பளமில்லாமல் சேருவது எப்போது சரி என்று யாராவது கேட்டால், காலம் குறுகியதா, கற்பிக்க ஓர் ஆள் பெயரோடு இருக்கிறாரா என்ற இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்வேன். பொறியியல் மாணவர்கள் காலங்காலமாகச் செய்யும் இரண்டு வார இன்பிளான்ட் டிரெயினிங்குக்குப் பணம் எதிர்பார்ப்பதில் பொருளில்லை; பாதி நாள் ஆலையைச் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும். சட்ட மாணவர்களுக்கு இந்திய பார் கவுன்சில் ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. அந்த நான்கு வார வரம்பு எனக்கு மிகவும் பிடித்த விதி. எதற்காக அதை வைத்தார்களோ, ஒரு மாணவர் கற்கும் நிலையிலிருந்து சுமக்கும் நிலைக்கு மாறுவதற்குள் அது மணி அடித்துவிடுகிறது.

மாறாக, பயிற்சிக்கு நீங்களே 3,000, 5,000 என்று கட்ட வேண்டும் என்பவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே விற்கப்படுவது சான்றிதழ், அதை எந்த நேர்முகத் தேர்விலும் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் அப்படியே. சந்தைப்படுத்தல் இன்டர்ன்ஷிப் என்று பெயரிட்டு, வாரத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைப்பவர்கள் வேண்டுவது கமிஷன் இல்லாத விற்பனையாளரை. பட்டம் வாங்கிய பிறகும் சம்பளமில்லாமல் ஆறு மாதம் இருந்து பார் என்பவர்களை நான் ஏற்பதே இல்லை. அதற்கென்றுதான் அப்ரண்டிஸ் சட்டமும் 9,000 ரூபாயும் இருக்கின்றன.

அண்ணன் மகளுக்கு வந்த கடிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நிறுவனம் உண்மையானது, வேலையும் அவள் கற்க விரும்பியது; காலம்தான் நீளம். ஊக்கத்தொகையை எப்போது கேட்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அண்ணன், சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும் என்றார். அண்ணி, கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், பேசாமல் போய்ச் சேரட்டும் என்றார். இருவரும் சொன்னதில் உண்மை இருந்தது. சேரும் முன் அவளிடம் காட்ட ஒன்றுமில்லை; அவளைப்போல் விண்ணப்பித்தவர்கள் பலர். சேர்ந்து மூன்று மாதம் முடிந்தபின் கேட்டால், கொடுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. எனவே சேரும் முன் பணத்தைக் கேட்காமல், பணம் கேட்பதற்கான ஒரு நாளைக் கேட்டு வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

மனிதவளப் பிரிவில் இருந்த அம்மையாரை அவள் தொலைபேசியில் அழைத்து மூன்று விஷயம் கேட்டாள். தன்னை யார் மேற்பார்வையிடுவார், முதல் மாதம் என்ன வேலை தரப்படும், நான்கு வாரம் முடிந்ததும் தன் வேலையைப் பற்றி ஒரு மதிப்பாய்வு நடக்குமா. முதல் இரண்டுக்கும் பதில் உடனே வந்தது. மூன்றாவதற்கு, "வழக்கமில்லை, ஆனா வெச்சுக்கலாம்மா" என்றார். அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்க இயலுமா என்று கேட்டதும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டார். ஊக்கத்தொகை பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனாலும் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் அடிப்படையாக இருந்தது, ஏனென்றால் நான்காம் வார முடிவில் அவள் தானாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை, அவர்களே அழைத்தார்கள்.

முதல் நாளிலிருந்து ஒரு சிறு நோட்டில் அன்றாடம் என்ன செய்தாள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தேன். முதல் வாரப் பக்கங்கள் எல்லாம் "பார்த்தேன்", "படித்தேன்", "கேட்டேன்" என்று முடிந்தன. மூன்றாம் வார வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் வினை மாறுகிறது: "மருந்துக்கடை பில்லில் மொத்தத் தொகைக்குத் தள்ளுபடி கொடுத்தால், தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்கே ஜிஎஸ்டி போடுகிறது. காரணம் கண்டுபிடித்துத் திருத்தினேன். அண்ணா சரிபார்த்தார். வியாழன் அன்று வெளியான பதிப்பில் போய்விட்டது." அண்ணா என்பது அவளுடைய குழுவில் மூத்தவர். அந்தப் பிழையை இரண்டு கடைக்காரர்கள் முன்பே புகாராகச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் அவள் குறித்திருந்தாள். நான்காம் வாரம் முதல் நான்கு கடைகளின் அழைப்புகளை எடுக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த வாரத் திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். விடுதியில் படுத்திருந்தவளுக்குப் பகல் ஒரு மணிக்குள் அலுவலகத்திலிருந்து மூன்று அழைப்பு. மாலையில் என்னிடம், "சித்தப்பா, நின்னுடுச்சு" என்றாள்.

இப்படி எழுதி வைப்பதன் பயன், எதிரில் இருப்பவர் மறுக்க முடியாத சான்று கிடைக்கிறது என்பது மட்டுமில்லை. நான்கு வாரமும் வினை "பார்த்தேன்", "படித்தேன்" என்றே இருந்தால், இன்னும் கேட்க நேரம் வரவில்லை என்பதும் அதே நோட்டிலிருந்து தெரிந்துவிடும். கற்றுக்கொடுக்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை, சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே கேட்க வேண்டியது பணம் அல்ல, நான்கு வாரத்துக்கான சான்றிதழ், வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மதிப்பாய்வுக்கு இரண்டு நாள் முன்பு அவள் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"ஜனவரியில் சேர்ந்தது முதல் இரண்டு வாரம் பில்லிங் மென்பொருளின் அமைப்பைக் கற்றுக்கொண்டேன், எனக்காக நேரம் ஒதுக்கிக் கற்பித்ததற்கு நன்றி. மூன்றாம் வாரம் முதல் 11 பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். அவற்றில் 8 திருத்தங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சென்ற பதிப்புகளில் உள்ளன, பட்டியலை இணைத்திருக்கிறேன். இந்த வாரம் முதல் நான்கு கடைகளின் அழைப்புகளையும் கவனித்து வருகிறேன். மீதமுள்ள எட்டு வாரமும் இந்தப் பணியைத் தொடர விரும்புகிறேன். நான் வெளியூர் என்பதால் இங்கே தங்கிப் பணிபுரிய மாதம் ஏறத்தாழ 9,300 ரூபாய் செலவாகிறது. ஐந்தாம் வாரம் முதல் மாதம் 9,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்க இயலுமா? மதிப்பாய்வின்போது இது பற்றியும் பேச விரும்புகிறேன்."

முதல் வரைவில் குடும்பச் சூழல், அப்பாவின் கடன், தங்கையின் படிப்பு எல்லாம் இருந்தன. எடுத்துவிடச் சொன்னேன். அவை பொய்யில்லை, ஆனால் அவற்றைப் படிக்கும் மேலாளர் உதவி செய்யும் மனநிலைக்குப் போவார், உதவிக்கு அளவு கிடையாது, ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் உதவிதான். செய்த வேலையையும் ஆகும் செலவையும் மட்டும் வைத்தால் அவர் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். தொகையைச் சொல்லாமல் "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று எழுதுவதும் இதே குழியில்தான் கொண்டுபோய்த் தள்ளும். மொத்தம் நாலு பத்திக்கு மேல் போகாமல், கோபமோ கெஞ்சலோ இல்லாமல், பேச ஒரு நாளையும் குறித்துவிட்டால் போதும். மின்னஞ்சலை முதலில் அனுப்பிவிட்டு நேரில் பேசுவதற்கும் ஒரு காரணம் உண்டு: சிறு நிறுவனங்களில் மேலாளர் தனியாகப் பணத்தை ஒப்புக்கொள்ள முடியாது, முதலாளியிடம் கேட்க அவருக்கும் இரண்டு நாள் வேண்டும்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார் என்றாள். இன்டர்னுக்குப் பணம் தரும் வழக்கம் தங்களிடம் இல்லை என்றும், நன்றாகச் செய்தால் வேலையே கிடைக்கும்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். இரண்டாவது பதிலை எதிர்பார்த்தே இருந்தோம். கடைசியாக வந்த இன்டர்ன்களில் எத்தனை பேர் இப்போது இங்கே பணியில் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். ஐந்து பேரில் ஒருவர் என்று நேர்மையாகவே சொன்னார். கேட்கும் தொனிதான் இதில் முக்கியம். மடக்குவதற்காகக் கேட்டால் கதவு சாத்தப்படும், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டால் பதில் வரும்.

வழக்கமில்லை என்பதற்கு அவளிடம் இரண்டு மாற்று இருந்தது. மதியச் சாப்பாட்டையும் விடுதிச் செலவின் ஒரு பகுதியையும் நிறுவனம் ஏற்பது ஒன்று. பணம் எந்த வகையிலும் இயலாது என்றால், வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள்களில் ஊரிலிருந்தோ விடுதியிலிருந்தோ கல்லூரித் திட்டப் பணி என்று நேரத்தைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று. பணம் தர மனமில்லாதவர்கள் நேரத்தைத் தரச் சம்மதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், நேரம் செலவுக் கணக்கில் ஏறுவதில்லை என்பதால். இரண்டும் மறுக்கப்பட்டால் நான்கு வாரச் சான்றிதழோடு திரும்பிவிடுவது என்று வீட்டில் முன்பே பேசி முடித்திருந்தோம். அப்படி ஒரு முடிவு கையில் இருந்ததால்தான் அவளால் பதறாமல் உட்கார்ந்து பேச முடிந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மாதம் 6,000 ரூபாய், மதியச் சாப்பாடு அலுவலகத்தில். இரண்டு மாதத்துக்கு 12,000 ரூபாயும், 48 நாள் சாப்பாட்டில் 2,880 ரூபாயும் சேர்த்தால் 14,880. அண்ணன் கைக்காசு 27,900-லிருந்து 13,020 ஆகக் குறைந்தது. கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்ததே என்று நான் மகிழ்ந்தேன். பாதிச் செலவு இன்னும் நம் தலையில்தானே என்றார் அண்ணன். அவர் சொன்னதும் சரிதான்.

பட்டம் முடித்தபின் அங்கேயே தொடர விரும்பினால் சொல்ல வேண்டிய ஒன்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான்கு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எதுவும் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சியாளரைச் சேர்க்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அது கட்டாயம். தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்தால், பட்டதாரிக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. சிறு நிறுவன முதலாளிகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பதிவு வேலையை நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் படிவங்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று விண்ணப்பிப்பவரே சொன்னால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

அவளோடு அதே நாளில் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். விருதுநகர்ப் பக்கம், அவனும் விடுதியில் தங்கி, அதே மாதிரி பிழைகளைத் திருத்தி, ஐந்து கடைகளின் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தான். தனக்குக் கிடைத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று சில வாரம் தயங்கிவிட்டு, மார்ச் இரண்டாம் வாரத்தில்தான் அவனிடம் சொன்னாள். மறுநாளே அவன் போய்க் கேட்டான். நோட்டு எதுவும் இல்லை, மதிப்பாய்வு என்ற வரியும் அவன் கடிதத்தில் இல்லை. "இன்னும் ரெண்டு வாரம்தானேப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.